ஒரே நாய் கடித்தது, ஊசி மட்டும் வேறு வேறு: முதல்நிலை, இரண்டாம்நிலை எதிர்ப்பொருள் துலங்கல் பற்றிய கேள்விகள்

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒருவரையும், அவருடைய பன்னிரண்டு வயது மகளையும் ஜூன் 2ஆம் தேதி காலையில் ஒரே தெருநாய் கடித்தது. அவருக்குக் கெண்டைக்காலில், பிள்ளைக்கு முன்கையில்; இரண்டு பேருக்கும் ரத்தம் வந்த கடி. மூன்று வருடத்துக்கு முன்பும் அவரை ஒரு நாய் கடித்து, அப்போது எல்லா ஊசியையும் ஒழுங்காகப் போட்டு முடித்திருந்தார். பிள்ளைக்கு இதுதான் முதல் கடி. அரசு ஆஸ்பத்திரியில் இருவருக்கும் எழுதிக் கொடுத்த ஊசி அட்டவணை வேறு வேறாக இருந்தது. அதிலிருந்து கிளம்பிய கேள்விகளும், தக்கலையில் என்னிடம் விலங்கியல் படிக்க வரும் பிளஸ் டூ பிள்ளைகள் கேட்டவையும் கீழே இருக்கின்றன. பல வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கும் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

ஒரே நாய், ஒரே நாள். அப்பாவுக்கு இரண்டு நாள் ஊசி, பிள்ளைக்கு நான்கு நாள் ஊசி, போதாததற்குக் காயத்திலும் ஊசி. இது என்ன ஓரவஞ்சனை?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பிள்ளைக்கு ஜூன் 2, 5, 9, 30 என்று நான்கு நாள். கடிபட்டு ஊசி தொடங்கிய நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று எண்ணுவார்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு மேல்கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி. ஆக மொத்தம் எட்டுக் குத்து, 0.8 மில்லி மருந்து. அப்பாவுக்கு ஜூன் 2, 5 ஆகிய இரண்டு நாள் மட்டும், ஒரு கையில் ஒரு குத்து. மொத்தம் 0.2 மில்லி.

கால்பங்கு மருந்து வாங்கிய அப்பாவின் உடம்புதான் பிள்ளையின் உடம்பைவிட முந்திக்கொண்டு, அதிகமான எதிர்ப்பொருளையும் உண்டாக்கும். அவருடைய உடம்பு வெறிநோய்த் தடுப்பூசியின் ஆன்டிஜெனை ஏற்கெனவே ஒரு முறை பார்த்துப் பழகியிருக்கிறது. முதல் சந்திப்பில் உடம்பு காட்டுவது முதல்நிலைத் துலங்கல். அதே ஆன்டிஜெனை மறுபடி சந்திக்கும்போது காட்டுவது இரண்டாம்நிலைத் துலங்கல். அட்டவணை போட்டவர் ஆள் பார்த்துப் போடவில்லை, இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதில் மட்டும் இருவருக்கும் ஒரே சட்டம்தான்.

ஊசி போட்ட முதல் வாரம் பிள்ளையின் ரத்தத்தில் எதிர்ப்பொருளே இருக்காது என்கிறார்கள். அந்த நாட்களில் உடம்பு சும்மாவா கிடக்கிறது?

சும்மா இல்லை. வெளியே தெரியாமல் உள்ளே பெரிய வேலை நடக்கிறது. ரத்தத்தில் ஒன்றும் அகப்படாத இந்த நாட்களைத்தான் தாமதக் கட்டம் என்கிறோம்.

பிள்ளையின் உடம்பில் கோடிக்கணக்கான பி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவத்தைப் பிடிக்கப் பிறந்தது. வெறிநோய் வைரஸின் மேலுறைப் புரதத்தைப் பிடிக்கக்கூடியவை அவற்றில் மிகச் சொற்பம், லட்சத்தில் ஒன்று என்கிற அளவில்தான். தோலில் போட்ட மருந்து அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேர வேண்டும்; அந்தச் சொற்பப் பி செல்கள் அதைச் சந்திக்க வேண்டும்; உதவி டி செல் ‘ஆம், இது அந்நியன்தான்’ என்று ஒப்புதல் தர வேண்டும். இதற்கே இரண்டொரு நாள் போய்விடும். பிறகுதான் பெருக்கம்.

பெருக்கத்தை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் புரிவதற்காக எளிமையாக்கியவை. ஒரு செல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டாகிறது என்று வையுங்கள். ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகி, பத்தாவது முறையில் 1024 ஆகும். பத்து முறைக்கு ஐந்து நாள். முன்னே போன இரண்டு நாளையும் சேர்த்தால் ஒரு வாரம் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் அவற்றில் பல பிளாஸ்மா செல்களாக மாறி எதிர்ப்பொருளைக் கொட்டத் தொடங்குகின்றன.

இப்போது அப்பாவுக்கு வாருங்கள். பழைய ஊசிகள் அவருக்குள் நினைவு செல்களை விட்டுப் போயிருக்கின்றன. பிள்ளைக்கு ஒன்று இருக்கிற இடத்தில் அவருக்கு 32 இருப்பதாக வைத்துக்கொண்டால், 1024ஐத் தொட ஐந்து முறை இரட்டித்தால் போதும், அதாவது இரண்டரை நாள். நினைவு செல்களுக்கு ஒப்புதலும் சீக்கிரம் கிடைக்கும், கிளர்ந்தெழவும் அதிகத் தூண்டுதல் வேண்டாம். அதனால்தான் இரண்டாம்நிலையில் தாமதக் கட்டம் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் அந்த ஒரு வாரம் பிள்ளைக்கு யார் காவல்?

காயத்தில் போட்ட ஊசிதான். அது தடுப்பூசி அல்ல; வேறொரு உடம்பில் ஏற்கெனவே உண்டாக்கி எடுத்து வைத்த எதிர்ப்பொருள், இம்யூனோகுளோபுலின். குதிரையிலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 40 அலகு, மனிதரிடமிருந்து எடுத்தது என்றால் 20 அலகு. பிள்ளை முப்பது கிலோ. அவளுக்குக் குதிரைச் சீரம் உச்ச அளவாக 1200 அலகு வரும். அதைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். வலிக்கும், அவளும் அழுதாள் என்று கேள்விப்பட்டேன். வைரஸ் நரம்புக்குள் நுழைவதற்கு முன்பு காயத்திலேயே அதை மடக்க வேண்டும் என்பதால் வேறு வழியில்லை.

இது கடன் வாங்கிய எதிர்ப்பொருள். நாளாக ஆகக் கரைந்துவிடும், நினைவு எதையும் விட்டுவைக்காது. பிள்ளையின் சொந்த எதிர்ப்பொருள் வந்து சேரும் வரைக்கும் இட்டு நிரப்புகிற வேலை மட்டும் இதற்கு. ஏதோ காரணத்தால் முதல் நாள் போடாமல் விட்டுவிட்டால், முதல் தடுப்பூசியிலிருந்து ஏழாம் நாள் வரை போடலாம். அதற்கு மேல் போடுவதில்லை. அதற்குள் சொந்த உற்பத்தி தொடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து கொட்டினால் அது தடுப்பூசியின் ஆன்டிஜெனை மூடி, உள்ளே நடக்கிற வேலையை மந்தப்படுத்தும். அப்பாவுக்குச் சீரம் போடாததற்கும் இதுவே காரணம். அவருக்கு நிரப்ப வேண்டிய இடைவெளியே இல்லை.

முதலில் ஐஜிஎம், பிறகு ஐஜிஜி என்று மனப்பாடம் செய்கிறோம். ஏன் அந்த வரிசை?

எதிர்ப்பொருளின் வகையைத் தீர்மானிக்கும் மரபணுத் துண்டுகள் பி செல்லுக்குள் ஒரு வரிசையில் கிடக்கின்றன. வரிசையில் முதலில் நிற்பது ஐஜிஎம்முக்கான துண்டு. புதிதாக விழித்த செல் கைக்கு முதலில் அகப்படுவதை எடுத்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. பின்னர் டி செல்லின் தூண்டுதலில் நடுவே இருக்கும் துண்டை வெட்டி எறிந்துவிட்டு ஐஜிஜிக்குத் தாவுகிறது. இதை வகை மாற்றம் என்பார்கள். வெட்டி எறிந்ததை மறுபடி ஒட்ட முடியாது என்பதால் ஐஜிஜிக்குப் போன செல் ஐஜிஎம்முக்குத் திரும்பாது. வகைதான் மாறுகிறதே தவிர, எந்த ஆன்டிஜெனைப் பிடிக்க வேண்டும் என்கிற குறி மாறுவதில்லை.

அவசரத்தில் செய்த ஐஜிஎம்மின் ஒவ்வொரு பிடியும் பலவீனமானது. ஆனால் ஐந்து மூலக்கூறு சேர்ந்து ஒன்றாக நிற்பதால் அதற்குப் பத்துப் பிடிகள். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும் ஆயிரங்கால் தூண்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முள் நழுவினாலும் இன்னொரு முள் மாட்டும். ஐஜிஜிக்கு இரண்டே பிடிகள். நிணநீர் முடிச்சில் வாரக்கணக்கில் சிறு சிறு மாற்றங்கள் நடந்து, நன்றாகப் பிடிக்கும் செல்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு வருவதால் அந்த இரண்டும் உடும்புப் பிடி. நினைவு செல்கள் பெரும்பாலும் இந்தத் தேர்வில் தேறியவை. ஆகவே அப்பாவின் உடம்பில் எடுத்த எடுப்பிலேயே வருவது தேர்ந்த ஐஜிஜி.

பிள்ளைகள் அடிக்கடி தவறாக எழுதுவது ஒன்று உண்டு: இரண்டாம்நிலையில் ஐஜிஎம் வராது என்று. வரும். ஏறத்தாழ முதல்முறை வந்த அளவுக்கே வரும். பக்கத்தில் ஐஜிஜி மலையாக எழுவதால் அது மேடாகக்கூடத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் டைட்டர் 1:160 என்று போட்டிருக்கிறது. 1:20ஐவிட இது குறைவா, கூடுதலா?

கூடுதல். என் மேசையில் இதை எப்படிச் செய்வோம் என்று சொன்னால் குழப்பம் போய்விடும். ஒரு பங்கு சீரத்தோடு பத்தொன்பது பங்கு உப்புநீர் சேர்த்தால் இருபதில் ஒரு பங்கு, 1:20. அதில் பாதியை எடுத்து அடுத்த குழாயில் சம அளவு உப்புநீரோடு கலந்தால் 1:40. அப்படியே 1:80, 1:160, 1:320 என்று போகும். ஒவ்வொரு குழாயிலும் ஆன்டிஜெனைச் சேர்த்துவிட்டு, எந்தக் குழாய் வரைக்கும் வினை தெரிகிறது என்று பார்ப்போம். கடைசியாக வினை காட்டிய குழாயின் எண்தான் டைட்டர். எவ்வளவு நீர்த்த பிறகும் வேலை செய்கிறதோ, அவ்வளவு எதிர்ப்பொருள் இருந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு குழாய் வித்தியாசத்தை நம்பக் கூடாது. அதே சீரத்தை நானே காலையில் செய்தால் 1:40ம், மாலையில் செய்தால் 1:80ம் வரலாம். வயலில் இறங்கி வேலை செய்தவருக்கு எலிக்காய்ச்சல் சந்தேகம் என்றால், காய்ச்சலின் தொடக்கத்தில் ஒரு சீரமும் இரண்டு வாரம் கழித்து இன்னொன்றும் எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்துச் சோதிப்பதுதான் முறை. முதல் சீரம் 1:20, இரண்டாவது 1:160 என்றால் மூன்று குழாய் ஏறியிருக்கிறது, எட்டு மடங்கு. நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால்தான் இப்போதைய தொற்று என்று துணிந்து சொல்லலாம். முதல் சீரம் தாமதக் கட்டத்தில் எடுக்கப்பட்டிருந்தால் ‘நெகட்டிவ்’ என்றே வரும். அந்தத் தாளைப் பார்த்து நோயில்லை என்று நிம்மதி அடைகிறவர்கள் ஏராளம்.

தேர்வில் வரைபடம் வரையச் சொன்னால் இரண்டாவது மேட்டை எவ்வளவு உயரமாக வரைய வேண்டும்?

கீழ்க்கோட்டில் நாட்கள். செங்குத்துக் கோட்டில் டைட்டர், ஆனால் ஒவ்வொரு கட்டமும் பத்து மடங்கு: 1, 10, 100, 1000. இதைச் சாதாரண அளவுகோலில் வரைந்தால் முதல் மேடு தரையோடு தரையாக ஒட்டிவிடும், அல்லது இரண்டாவது மேடு தாளைவிட்டு வெளியே போய்விடும்.

முதல்நிலைக் கோடு ஏறத்தாழ ஒரு வாரம் தரையில் படுத்துக் கிடந்து, பிறகு எழுந்து, பத்துப் பதினான்கு நாளில் உச்சத்தைத் தொட்டு இறங்கும். அதற்குள்ளே இரண்டு கோடுகள் தெரிய வேண்டும்: முதலில் எழுந்து முதலில் விழும் ஐஜிஎம், பின்னால் எழுந்து மெதுவாக இறங்கும் ஐஜிஜி. ரத்தத்தில் ஐஜிஎம்மின் பாதி ஐந்து நாளிலும், ஐஜிஜியின் பாதி சுமார் மூன்று வாரத்திலும் அழிந்துவிடும் என்பதால் இறக்கத்தின் சாய்வும் வேறுபட வேண்டும். இரண்டாம்நிலையில் கோடு இரண்டு மூன்று நாளிலேயே செங்குத்தாக எழுந்து, முதல் உச்சத்தைவிட ஒன்று அல்லது இரண்டு கட்டம் மேலே போய், நீண்ட காலம் அங்கேயே நிற்கும். அழிய அழிய எலும்பு மஜ்ஜையில் குடியிருக்கும் பிளாஸ்மா செல்கள் ஈடுகட்டிக்கொண்டே இருக்கின்றன.

நுணுக்கமாக வரைய விரும்புகிறவர்களுக்கு ஒன்று. இரண்டாவது ஊசி போட்ட உடனே கோடு சற்றே கீழே இறங்கி, அதன் பிறகுதான் மேலே ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பழைய எதிர்ப்பொருள் புதிதாக வந்த ஆன்டிஜெனைப் பிடித்துத் தீர்ந்துபோவதால் வரும் சரிவு அது. அந்தச் சின்னக் குழியைப் பெரும்பாலான வழிகாட்டி நூல்கள் விட்டுவிடுகின்றன.

பிள்ளைக்கு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஊசி போட்டாயிற்றே. அவை இரண்டாம்நிலை ஆகாதா?

நல்ல கேள்வி. எண்ணிக்கையில் இரண்டாவது ஊசி என்பதாலேயே அது இரண்டாம்நிலைத் துலங்கல் ஆகிவிடாது. மூன்றாம் நாள் அவளுக்குள் நினைவு செல் உருவாகவே இல்லை. அந்த ஊசி நடந்துகொண்டிருக்கும் முதல்நிலை வேலைக்குக் கூடுதலாகத் தீனி போடுகிறது, அவ்வளவே. ஏழாம் நாளும் கிட்டத்தட்ட அப்படித்தான். பதினான்காம் நாள் வாக்கில், ஒழுங்காக ஊசி போட்ட ஏறக்குறைய எல்லாருடைய சீரத்திலும் ஒரு மில்லிக்கு 0.5 சர்வதேச அலகு என்கிற போதுமான அளவைத் தாண்டிவிடும். 28ஆம் நாள் ஊசி வரும்போது நினைவு செல்கள் தயாராகக் காத்திருக்கும். அவளுடைய அட்டவணையில் உண்மையான மறுசந்திப்பு அதுதான். ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று பலர் விட்டுவிடுவதும் அதே ஊசியைத்தான் என்பது எரிச்சலூட்டும் விஷயம்.

எல்லா ஆன்டிஜெனும் இப்படி நினைவை விட்டுப் போகும் என்றும் எண்ண வேண்டாம். சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் வெறும் சர்க்கரைச் சங்கிலிகள் டி செல்லை எழுப்புவதில்லை. அவற்றுக்கு எத்தனை முறை ஊசி போட்டாலும் பெரும்பாலும் ஐஜிஎம்தான் வரும். இரண்டாவது மேடு எழாது. புரதத்தோடு கோத்துக் கொடுத்தால்தான் எழும்.

டெங்கு ரிப்போர்ட்டில் ஐஜிஎம் இல்லை, ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ். பழைய டெங்கு என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. என் மைத்துனருக்கே இது நடந்தது. காய்ச்சலின் நான்காம் நாள் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் எடுத்த ரிப்போர்ட் இதே மாதிரி வந்தது. ‘ஐஜிஜி என்றால் பழசு’ என்று அங்கே வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் தட்டணுக்கள் சரிந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று.

முதல்முறை டெங்கு வருகிறவருக்கு ஐஜிஎம் நான்கைந்து நாளில் எழும், ஐஜிஜி முதல் வாரக் கடைசியில்தான் மெதுவாகத் தலைகாட்டும். இரண்டாம்முறை வருகிறவருக்கு முதல் சில நாட்களிலேயே ஐஜிஜி வேகமாக ஏறிவிடும். ஐஜிஎம் குறைவாகவோ, சிலருக்கு அகப்படாமலோ இருக்கும். ஆக, ‘ஐஜிஜி மட்டும்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. எப்போதோ வந்துபோன டெங்குவின் எச்சமாக இருக்கலாம், இப்போது நடக்கிற இரண்டாம் தொற்றாகவும் இருக்கலாம். ஒரு தாளை வைத்துப் பிரிக்க முடியாது. வைரஸ் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை உதவும், ஆனால் இரண்டாம் தொற்றில் எதிர்ப்பொருள் அதையும் பிடித்து மறைத்துவிடுவதால் அதுவும் நெகட்டிவ் ஆகலாம். சில நாள் விட்டு இன்னொரு சீரம் எடுத்து ஐஜிஜி ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் உறுதியானது. அதற்குள் மருத்துவர் நோயாளியின் ரத்த அடர்த்தியையும் தட்டணுக்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

டெங்குவில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. அந்த வைரஸில் நான்கு ரகம். முதலில் ஒரு ரகமும் பிறகு வேறு ரகமும் வந்தால், நினைவு செல்கள் பழைய ரகத்துக்கான எதிர்ப்பொருளை அள்ளிக் கொட்டும். அது புதிய ரகத்தில் ஒட்டும், ஆனால் முடக்காது. சில சமயம் வைரஸ் செல்லுக்குள் நுழைய அதுவே கைப்பிடியாகிவிடும். இரண்டாம் டெங்கு கடுமையாக மாறும் அபாயம் கூடுவது இதனால்தான். பால் வெட்டை நிறுத்திய மழைநாட்களில் மரத்தில் கவிழ்க்காமல் விட்ட சிரட்டை ஒவ்வொன்றும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் என்பதால், நம் மலையோரக்காரர்கள் இந்த ஒரு பத்தியை இரண்டு முறை படித்தாலும் தப்பில்லை.

ஐஜிஏ, ஐஜிஈ எல்லாம் இந்த வரைபடத்தில் எங்கே?

ரத்தத்தை வைத்து வரைகிற படத்தில் அவற்றுக்கு இடம் சிறியது. ஐஜிஏ பெரும்பாலும் குடல், மூக்கு, தாய்ப்பால் என்று ஈரமான பரப்புகளில் சுரக்கிறது. போலியோ சொட்டு மருந்தை வாயில் விட்டால் குடலில் ஐஜிஏ நன்றாக எழும். ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் ஐஜிஜி எழும், குடலில் அவ்வளவாக எழாது. ஐஜிஈ புழுத் தொற்றிலும் ஒவ்வாமையிலும் தெரிவது. இரண்டுமே வகை மாற்றத்துக்குப் பிறகு வருபவை, ஆகவே ஐஜிஎம்முக்கு முன்னால் இவற்றை வரையாதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஊசி போட்டதாக அவர் வாயால் சொன்னால் போதாதா? உடம்புக்குத்தான் நினைவு இருக்கிறதே?

உடம்புக்கு நினைவு இருக்கலாம். ஆனால் எல்லா ஊசியும் முடிந்ததா, பாதியில் விட்டாரா என்பதைக் கடிவாயில் நிற்கும் மருத்துவரால் பார்த்துச் சொல்ல முடியாது. டைட்டர் பார்த்து முடிவு வரும்வரை காத்திருக்கவும் நேரமில்லை. சான்று இல்லாவிட்டால் முதல்முறை கடிபட்டவராகவே கருதி, நான்கு நாள் ஊசியும் காயத்தில் சீரமும் என்று தொடங்குவதுதான் நடைமுறை. இவர் தப்பித்ததற்குக் காரணம் அவருடைய மனைவி. பழைய ஊசிச் சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்திருந்தாலும் நான்கு தேதியும் படிக்கும்படி இருந்தன.